தலைக்கு மேல் காலியிடம், காலுக்குக் கீழ் கணக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர்களுக்கு நூல் விலையைப் போலவே தீராத இன்னொரு கவலை, சரக்கு வைக்க இடம். ஆர்டர் நேரத்தில் நூல் மூட்டைகள், துணி ரோல்கள், பேக்கிங் முடிந்த அட்டைப்பெட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவியும். பக்கத்தில் இன்னொரு குடோன் எடுத்தால் வாடகை, ஆள், வண்டிச்சத்தம் என்று செலவு நீளும். அப்போதுதான் கண் மேலே போகிறது. தகரக் கூரை இருபது அடி உயரத்தில் இருக்க, சரக்கோ எட்டு, பத்து அடியோடு நின்றுவிடுகிறது. மீதி உயரம் முழுக்க வாடகை கொடுத்து வாங்கிய வெறும் காற்று.

அதை நிரப்ப இரண்டு வழிகள் உண்டு. இரும்புத் தூண் நட்டு நடுவில் ஒரு தளம் போடுவது ஒன்று. இதை மெசனைன் என்கிறார்கள். இடைத்தளம் என்றும் சொல்லலாம். இருக்கிற ரேக்கை இன்னும் ஓரடுக்கு உயர்த்துவது மற்றொன்று. இரண்டுமே வழக்கமாக ஃபேப்ரிகேட்டரை அழைப்பதில் தொடங்குகின்றன. அவர் டேப் பிடித்து அளப்பார், கிலோ கணக்கில் ரேட் சொல்வார். தாங்குமா என்று கேட்டால், “பயப்படாதீங்கண்ணா, இரும்பு ஒரு சைஸ் சேத்தியே போட்டுத் தர்றேன்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் போடும் இரும்பு தாங்கிவிடலாம். அந்த இரும்பு நிற்கும் தரை தாங்குமா, நெருப்பு வந்தால் அந்த இரும்பு நிற்குமா என்ற இரண்டு கேள்விகளும் அவருடைய விலைப்பட்டியலில் வருவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் குடோனை வைத்துக்கொள்வோம். நீளம் 18 மீட்டர், அகலம் 12 மீட்டர். அதாவது 216 சதுர மீட்டர், சுமார் 2,300 சதுர அடி. சுவரோரத்தில் கூரை உயரம் 6 மீட்டர். உள்ளே இருபது ரேக் பகுதிகள். ஒவ்வொன்றிலும் தரையில் இரண்டு பாலெட், அதற்கு மேல் இரண்டு பீம் அடுக்குகளில் இரண்டிரண்டு பாலெட். ஒரு பாலெட்டில் 50 கிலோ நூல் மூட்டை பன்னிரண்டு, ஆக 600 கிலோ. முதலாளிக்கு இன்னும் ஐந்நூறு மூட்டைகளுக்காவது இடம் வேண்டும்.

முதலில் இடைத்தளம். அதற்கு எவ்வளவு பாரம் கணக்கிட வேண்டும் என்பதை ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதியின் இரண்டாம் பாகம் சொல்கிறது. குடியிருக்கும் வீட்டின் அறைக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. சரக்குக் கிடங்கின் தளத்துக்கு, அடுக்கும் உயரத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 245 கிலோ. எவ்வளவு குறைவாக அடுக்கினாலும் 765 கிலோவுக்குக் குறையக்கூடாது. சதுர அடியில் சொன்னால் வீட்டுக்கு 19 கிலோ, கிடங்குக்கு 71 கிலோ. பழைய வீட்டின் மாடியையோ அலுவலக மாடியையோ காலி செய்து துணி அடுக்குகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒரு தடவை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

இதே விதிப்படி, ஆள் ஏறாத தகரக் கூரைக்குக் கணக்கிடுவது ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 75 கிலோதான். குடோனின் ஓரத்தில் நிற்கும் பெரிய இரும்புத் தூண்கள் அந்தக் கூரையையும் காற்றின் அழுத்தத்தையும் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. பார்வைக்குத் தடிமனாக இருப்பதால், இடைத்தளத்தின் பீமை அவற்றோடு பற்றவைத்துவிட்டால் ஒரு பக்கத் தூண் செலவு மிச்சம் என்று தோன்றும். இது அடிக்கடி நடக்கிறது, செய்யக் கூடாததும் இதுதான். கூரையைப் போலப் பத்து மடங்கு கனமான தளத்தை, அதுவும் தூணின் நடுவயிற்றில் பக்கவாட்டில், தொங்கவிடுகிறோம். ஷெட்டை வடிவமைத்தவர் தம் வரைபடத்தில் இடைத்தளத்துக்கு இடம் கொடுத்திருந்தால் ஒழிய, புதுத் தளம் தன் சொந்தத் தூண்களில் தனியாகத்தான் நிற்க வேண்டும்.

எவ்வளவு பரப்பில் போடலாம்? தேசியக் கட்டடக் கோட்பாடு 2016 இடைத்தளத்தின் மொத்தப் பரப்பை, கட்டடத்தின் அடித்தளப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடக்கச் சொல்கிறது. குறைந்தபட்ச உயரம் 2.2 மீட்டர். அதற்கு மேல் போனால் அது இடைத்தளம் அல்ல, இன்னொரு மாடி. மாடி என்றால் தளப்பரப்புக் குறியீடு, படிக்கட்டு, தீயணைப்பு எல்லாமே வேறு கணக்கு. நம் குடோனில் மூன்றில் ஒரு பங்கு என்பது 72 சதுர மீட்டர். பின்பக்கச் சுவரையொட்டி 6 மீட்டருக்கு 12 மீட்டர் என்று ஒரு துண்டு எடுத்துக்கொள்ளலாம். தளத்தின் மேற்பரப்பை 2.8 மீட்டரில் வைத்தால், பீமின் ஆழம் போகக் கீழே இரண்டரை மீட்டர் கிடைக்கும். மேலே கூரைக்கு 3.2 மீட்டர் இருக்கும். அதில் சரக்கு இரண்டு மீட்டர் வரை அடுக்கலாம்.

நூல் மூட்டைகளை நெருக்கி அடுக்கினால் ஒரு கனமீட்டருக்கு 300 கிலோ என்று வைப்போம். இரண்டு மீட்டர் உயரத்துக்குச் சதுர மீட்டருக்கு 600 கிலோ, 765-க்குள் அடங்குகிறது. இன்னும் இடம் இருக்கிறதே என்று மூன்று மீட்டர் அடுக்கினால் 900 கிலோ. விதி சொல்லும் குறைந்தபட்சத்துக்குத் தளம் போட்டிருந்தாலும் அது போதாமல் போய்விடும். அதனால் தளம் போடும் முன் பொறியாளருக்கு நாம் தர வேண்டிய முதல் தகவல், எந்தச் சரக்கை எவ்வளவு உயரம் அடுக்கப்போகிறோம் என்பது. சட்டைப் பெட்டிகளுக்கு என்று போட்ட தளத்தில் அடுத்த வருஷம் துணி ரோல் ஏறினால், இரும்பு அதேதான், பாரம் இரண்டு மடங்கு.

இனி தூண்களுக்கு வருவோம். 6 மீட்டரை மூன்று மூன்றாகவும் 12 மீட்டரை நான்கு நான்காகவும் பிரித்தால் மொத்தம் பன்னிரண்டு தூண்கள். நடுவில் நிற்கும் ஒரு தூணின் பங்குக்கு 12 சதுர மீட்டர் தளம் வரும். தளத்தின் சொந்த எடையையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 850 கிலோ என்றால், அந்த ஒரு தூண் இறக்குவது 10 டன்னுக்குச் சற்று மேல்.

பெரும்பாலான குடோன்களின் தரை, கெட்டித்த மண்ணின் மேல் போட்ட நான்கு அங்குலக் கான்கிரீட். 20 சென்டிமீட்டர் சதுரமான அடித்தட்டு வைத்து அதன் மேல் தூணை நிறுத்துகிறோம் என்று வையுங்கள். தட்டின் அடியிலிருந்து பாரம் கான்கிரீட்டுக்குள் சாய்வாக விரிந்து, மண்ணைத் தொடும்போது ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் சதுரமாகும். அதாவது 0.16 சதுர மீட்டரில் 10 டன். சதுர மீட்டருக்கு 60 டன்னுக்கு மேல்! ஓரளவு கெட்டியான மண் தாங்குவது 15 டன் என்று எடுத்துக்கொண்டால், நான்கு மடங்கு அதிகம். மண்ணுக்கு முன்பே கான்கிரீட் துளைபட்டு உள்ளே இறங்கிவிடும். ஆகவே தரையை வெட்டி, கம்பி கட்டி, தனி அடித்தளம் போட்டே ஆக வேண்டும். 15 டன் மண்ணில் அது சுமார் மூன்றடிச் சதுரம். கரிசல் கலந்த இளக்கமான மண்ணில் 8 டன்தான் தாங்கும் என்றால் நான்கடிச் சதுரம். மண் என்ன தாங்கும் என்பதை ஊகிக்காமல் குழி தோண்டிச் சோதித்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். மொத்தச் செலவில் அது சின்னத் தொகை.

இன்னொன்று, பக்கவாட்டு ஆட்டம். மேலிருந்து வரும் பாரத்தை மட்டும் பார்த்துத் தூண் போட்டுவிட்டு, தள்ளுவண்டி ஓடும்போது தளம் ஆடுகிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. தூண்களுக்கு இடையே இரண்டு திசையிலும் குறுக்குக் கம்பிகள் வேண்டும். வரைபடத்தில் இருக்கும், போட்டும் இருப்பார்கள். ஆறு மாதம் கழித்து, “வழியில இடிக்குது” என்று ஒரு குறுக்குக் கம்பியை வெட்டி எடுத்துவிடுவார்கள். தாங்கும் தளத்தைத் தாங்காத தளமாக மாற்ற இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

இத்தனைக்கும் பிறகு எவ்வளவு கிடைக்கும்? 72 சதுர மீட்டரில் நடைபாதை, படிக்கட்டு, தூக்கி ஏற்றும் வாய் எல்லாம் கழித்தால் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். இரண்டு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 570 மூட்டைகள். தளத்தின் கீழே ரேக்குகளை எடுத்துவிட்டுத் தரையில் அடுக்கினாலும் பழைய அளவு கிட்டத்தட்ட அப்படியே கொள்ளும். கேட்ட ஐந்நூறு கிடைத்துவிட்டது. ஆனால் 50 கிலோ மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு இரும்புப் படி ஏறும் ஆளை நினைத்துப் பாருங்கள். சரக்கு மேலேற லிஃப்டோ ஸ்டாக்கர் வண்டியோ வேண்டும். வண்டி பாலெட்டை நீட்டும் இடத்தில் கைப்பிடிச் சுவரைத் திறந்து போட்டுவிடுவதுதான் ஆள் விழுவதற்கான வழி. ஒரு பக்கம் திறந்தால் மறுபக்கம் தானே மூடிக்கொள்ளும் கதவுகள் இதற்கென்றே செய்யப்படுகின்றன. விளிம்பு முழுக்க இடுப்புக்கு மேல் உயரத்தில் ஒரு கம்பி, நடுவில் ஒரு கம்பி, கீழே பொருள் உருண்டு விழாமல் ஒரு பட்டை. இவை மூன்றும் இல்லாத தளத்தில் ஆளை ஏற்றக்கூடாது.

சரி, தளம் வேண்டாம், ரேக்கையே உயர்த்துவோம் என்றால் கணக்கு வேறு மாதிரி போகிறது. ஓர் அடுக்குக்குப் பாலெட், சரக்கு, பீம், கைவிடும் இடைவெளி எல்லாம் சேர்த்து 1.35 மீட்டர். இப்போது தரைக்கு மேல் இரண்டு பீம் அடுக்குகள். மூன்றாவது போட்டால் அந்த பீம் 4.05 மீட்டரில் வரும். சரக்கின் தலை 5.2 மீட்டரில் நிற்கும். நான்காவது போட முடியாது, கூரையை முட்டும். மூன்றாவது அடுக்கால் இருபது ரேக் பகுதிகளில் நாற்பது பாலெட், அதாவது 480 மூட்டைகள். ஏறக்குறைய அதே லாபம். அடித்தளம் வெட்ட வேண்டாம், படிக்கட்டு வேண்டாம்.

ஆனால் தரையை இங்கும் பார்க்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ரேக் பகுதிகள் நடுவில் ஒரே சட்டத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஓர் அடுக்குக்கு 1,200 கிலோ வீதம், இப்போதுள்ள இரண்டு பீம் அடுக்குகளுக்குச் சட்டத்தின் ஒவ்வொரு காலும் 1,200 கிலோவை இறக்குகிறது. 12 சென்டிமீட்டர் அடித்தட்டிலிருந்து நான்கு அங்குலக் கான்கிரீட் வழியே விரிந்தால் மண்ணில் சதுர மீட்டருக்குச் சுமார் 12 டன். பரவாயில்லை. மூன்றாவது அடுக்கு ஏறினால் ஒரு காலுக்கு 1,800 கிலோ; மண்ணில் 17 டன்னைத் தாண்டுகிறது. நாம் எடுத்துக்கொண்ட 15 டன் எல்லையைக் கொஞ்சம்தான் மீறியிருக்கிறது. ஒரே நாளில் எதுவும் விழாது. மழைக்காலத்தில் ஒரு கால் மட்டும் கால் அங்குலம் இறங்கும். ஐந்து மீட்டர் உயர ரேக்கில் ஒரு கால் இறங்கினால் தலை சாய்கிறது. சாய்ந்த தலையில் பாரம் இன்னும் ஒரு பக்கமாகவே ஏறுகிறது.

இதற்குத் தீர்வு எளிது, மலிவும்கூட. 12-க்குப் பதில் 20 சென்டிமீட்டர் சதுரத்தில் தடித்த அடித்தட்டு வைத்தால் அதே 1,800 கிலோ மண்ணில் 11 டன் ஆகிறது. இதெல்லாம் நாம் காகிதத்தில் போட்ட தோராயக் கணக்கு. தரையின் உண்மைத் தடிமனையும் மண்ணையும் பார்த்துப் பொறியாளர் திருத்துவார். ஆனாலும் இந்த ஒரு பெருக்கலை யாரும் போடாமலேயே ரேக்குகள் உயர்கின்றன.

ரேக்கின் கால் எவ்வளவு தாங்கும் என்பது இரும்பின் தடிமனை மட்டும் பொறுத்ததல்ல. அடுத்தடுத்த பீம்களுக்கு இடையே அது எவ்வளவு நீளம் பிடிமானம் இல்லாமல் நிற்கிறது என்பதையும் பொறுத்தது. ஒரு சாண் ஈர்க்குச்சியைத் தரையில் ஊன்றி அழுத்தினால் தாக்குப்பிடிக்கும். ஒரு முழக் குச்சி உடனே வளையும். மெலிந்த கால்களில், பிடிமானமற்ற நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் திறன் நான்கில் ஒன்றாகக் குறைகிறது. உயரமான துணி ரோல் கட்டுக்காக ஸ்டோர்கீப்பர் முதல் பீமைக் கழற்றிவிட்டால், 1.35 மீட்டர் இருந்த இடைவெளி 2.7 ஆகிவிடும். சரக்கு ஒரு கிலோகூடக் கூடவில்லை, ரேக் மட்டும் பலவீனமாகிவிட்டது. உற்பத்தியாளர் ஒட்டித் தரும் பாரத் தகடு குறிப்பிட்ட ஒரு பீம் அமைப்புக்கு மட்டுமே செல்லும். பீமை நகர்த்தினால் அந்தத் தகடும் செல்லாது.

காலின் மேல் இன்னொரு காலைப் பற்றவைத்து நீட்டுவதும் இந்த வகைதான். மெல்லிய தகட்டை வளைத்துத் துளையிட்டுச் செய்த கால் அது. வெல்டிங் சூட்டில் அதன் வடிவமும் பலமும் கெடுகிறது. அதே கம்பெனி அந்த மாடலுக்கென்று தரும் இணைப்புத் துண்டும், புது உயரத்துக்கு அவர்களே எழுதித்தரும் பாரக் கணக்கும் இல்லாமல் நீட்டக்கூடாது. வேறு கம்பெனி பீமின் கொக்கி இந்தத் துளையில் ‘ஏறக்குறைய’ உட்காரும். கீழிருந்து ஃபோர்க்லிஃப்ட் ஒருமுறை தட்டினால் எழும்பி வந்துவிடும். பீமின் இரு முனையிலும் பூட்டு ஊசி இருக்கிறதா என்று பார்க்க அரைமணி நேரம் போதும். கடைகளில் வைக்கும் துளையிட்ட ஆங்கிள் ரேக்குகளில் வேறு ஆபத்து: ஆழம் ஒன்றரை அடி, உயரம் பத்தடி. ஆழத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல் உயரம் போனால் முதுகோடு முதுகு பிணைத்தோ, நடைபாதைக்கு மேலே எதிர் ரேக்கோடு சேர்த்தோ கட்ட வேண்டும். தகரச் சுவரில் கட்டுவது கட்டுவதாகாது.

ரேக் விழும்போது ஒன்றோடு நிற்பதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். 2016 மே மாதம் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் பாலாடைக்கட்டி வைத்திருந்த கிடங்கு ஒன்றில் ரேக்குகள் வரிசையாகச் சரிந்தன. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர் டன் கணக்கான சரக்குக்கு அடியில் பல மணி நேரம் சிக்கியிருந்து, உயிரோடு மீட்கப்பட்டார். வண்டியின் கூண்டு அவரைக் காப்பாற்றியது. நம் குடோன்களில் பாலெட்டை இழுக்கிறவர்களுக்குக் கூண்டு கிடையாது.

பாரத்தின் கதை இவ்வளவு என்றால் நெருப்பின் கதை இன்னும் கடுமையானது. பாரம் மீறினால் விரிசல், சாய்வு என்று ஏதாவது ஓர் அறிகுறி பெரும்பாலும் தெரியும். நெருப்பு அப்படி முன்னறிவிப்பு தருவதில்லை.

எட்டடி உயரச் சரக்கு எரிவதும் பதினேழு அடி உயரச் சரக்கு எரிவதும், உயரம் இரண்டு மடங்கு என்பதால் இரண்டு மடங்கு நெருப்பு என்று முடிந்துவிடாது. பாலெட்டுகளுக்கு நடுவே உள்ள செங்குத்தான இடைவெளிகள் புகைபோக்கி போல நெருப்பை உறிஞ்சி மேலே இழுக்கும். தீ கீழே பற்றினால் சில நிமிடங்களில் தலையில் எரியும். ஸ்பிரிங்க்ளர் உள்ள குடோன்களில் அதன் குழாய் அளவும் நீர் அளவும் குறிப்பிட்ட ஒரு சரக்குக்கும் குறிப்பிட்ட ஓர் அடுக்கு உயரத்துக்கும் கணக்கிட்டவை. ரேக்கை உயர்த்திய அன்றே அந்தக் கணக்கு காலாவதி. தலைகள் அதே இடத்தில் பளபளவென்று இருக்கும்; தண்ணீர் போதாது. சரக்கின் தலைக்கும் ஸ்பிரிங்க்ளருக்கும் நடுவே சாதாரண வகைக்குக் குறைந்தது ஒன்றரை அடி, பெரிய கிடங்குகளில் வைக்கும் வேகமாக அடக்கும் வகைக்கு மூன்றடி இடைவெளி வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் அமெரிக்கத் தீத்தடுப்பு விதி. நம் எடுத்துக்காட்டில் மூன்றாவது அடுக்குக்குப் பின் கூரைக்கு மிஞ்சுவது 80 சென்டிமீட்டர். முதல் வகைக்குப் போதும், இரண்டாவதற்குப் போதாது. முதுகோடு முதுகு நிற்கும் ரேக்குகளுக்கு நடுவே ஆறு அங்குலம் விட வேண்டும். நெருப்பு ஏறும் அதே வழியில்தான் தண்ணீரும் இறங்கியாக வேண்டும். அடுக்கின் மேல் முழுப் பலகை போட்டு மூடிவிட்டால் கீழ் அடுக்குக்குத் தண்ணீர் எட்டாது. அப்போது ரேக்குக்குள்ளேயே ஸ்பிரிங்க்ளர் வைக்க வேண்டியிருக்கும்.

இடைத்தளம் இந்தக் குடையை ஒட்டுமொத்தமாக விரிக்கிறது. கூரையிலிருந்து விழும் தண்ணீர் தளத்தின் மேலேயே நின்றுவிடும். அதனால் தளத்தின் அடியில் தனி ஸ்பிரிங்க்ளர், தனிப் புகை உணர்கருவி, தனி விளக்கு வேண்டும். ஓட்டையுள்ள இரும்புக் கிரேட்டிங் போட்டால் தண்ணீர் இறங்குமே என்பார்கள். அதன் மேல் மூட்டை அடுக்கிய பிறகு ஓட்டை எங்கே இருக்கிறது? புகை மட்டும் தடையின்றி மேலே வரும்.

ஸ்பிரிங்க்ளரே இல்லாத சின்னக் குடோன்களில் என்ன நடக்கும் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வாசகர்களின் குடோன் அதுதான். முதலில் புகை. அது கூரைக்குப் போய்த் தேங்கி, அங்கிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும். தரையில் நிற்கிறவருக்கு ஓட நேரம் இருக்கிறது. 2.8 மீட்டர் தளத்தில் நிற்கிறவரின் தலை நாலரை மீட்டரில் இருக்கிறது. கீழே இருப்பவர் நெருப்பைப் பார்ப்பதற்குள் மேலே இருப்பவர் புகைக்குள் நிற்கலாம். அதனால்தான் இடைத்தளத்துக்கு ஒரே ஒரு படிக்கட்டு, அதுவும் சரக்குக்கு நடுவே இறங்கும் படிக்கட்டு, மோசமான ஏற்பாடு. இரண்டு எதிர்முனைகளில் இரண்டு படிகள் வேண்டும். ஒன்றாவது நேராக வெளிக்கதவில் இறங்க வேண்டும். சுவரில் பதித்த செங்குத்து ஏணியைப் படிக்கட்டாகக் கணக்கில் வைக்க முடியாது. கிடங்கின் எந்த இடத்திலிருந்தும் வெளியேறும் வாயிலுக்கு 30 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கக் கூடாது என்கிறது தேசியக் கட்டடக் கோட்பாடு. 18 மீட்டர் குடோனில் அது எளிது என்று தோன்றும். வழியை மறித்து நிற்கும் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு நடந்து அளந்து பாருங்கள்.

அடுத்தது இரும்பு. 550 டிகிரி செல்சியஸில் கட்டுமான இரும்பு தன் பலத்தில் ஏறத்தாழ பாதியை இழக்கிறது. சரக்கு எரியும் தீயில் இந்தச் சூடு வெகு சீக்கிரம் வந்துவிடும். முன்பு எரியும் மூட்டைக்கும் கூரை இரும்புக்கும் நடுவே நான்கு மீட்டர் இருந்தது. இப்போது தளத்தின் பீம் மூட்டையின் தலையிலிருந்து அரை மீட்டரில் இருக்கிறது. அதன் முதுகில் முப்பது டன்னுக்குச் சற்றே குறைவான சரக்கு. பூச்சில்லாத பீம் வளைந்தால் எல்லாம் கீழே வரும், உள்ளே நுழைந்த தீயணைப்பு வீரரின் மேலும் வரும். சூட்டில் உப்பி நுரைபோல மூடும் சிறப்புப் பெயின்ட், தீத்தாங்கும் பலகை, தூணைச் சுற்றிக் கான்கிரீட் உறை என்று வழிகள் உண்டு. சாதாரண ரெட் ஆக்சைடு துருவுக்குத்தான் உதவும்.

துணி எரிந்தால் சட்டென்று அணையாது என்பதைச் சென்னை பார்த்திருக்கிறது. 2017 மே 31 அதிகாலை தியாகராய நகரில் ஓர் ஏழுமாடி ஜவுளிக்கடையில் பிடித்த தீ ஒரு நாளைக்கு மேல் எரிந்தது. புகையால் உள்ளே போக முடியவில்லை. கட்டடத்தின் ஒரு பகுதி தானே சரிந்தது. மீதியைப் பிறகு இடித்தார்கள்.

பஞ்சும் நூலும் உள்ள இடத்தில் இன்னொரு சின்ன விஷயம். சரக்கு தரையில் இருந்தபோது விளக்கும் ஒயரும் எட்டாத உயரத்தில் இருந்தன. உயர்த்திய பிறகு மேல் மூட்டை விளக்கை உரசுகிறது. விளக்கின் மேல் பஞ்சுத் தூசி படிகிறது. ரேக் வேலை முடிந்த அன்றே எலக்ட்ரீஷியனை அழைத்து, விளக்குகளைச் சரக்கின் தலைக்கு மேலிருந்து நடைபாதையின் நடுவுக்கு மாற்றச் சொல்ல வேண்டும்.

அனுமதிகள் பற்றிச் சுருக்கமாக. இடைத்தளம் கட்டடத்தில் செய்யும் மாற்றம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி உள்ளாட்சி அல்லது நகர ஊரமைப்புத் துறையில் திருத்திய வரைபடம் காட்ட வேண்டும். தொழிற்சாலையாகப் பதிவான இடம் என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திலும் காட்ட வேண்டும். தீயணைப்புத் துறையின் உரிமம் பழைய வரைபடத்துக்குக் கொடுத்தது. “போல்ட் போட்டதுதானுங்க, கழட்டிரலாம், இது ஃபர்னிச்சர்” என்று வாதாடுகிறவர்கள் உண்டு. ஆள் ஏறி நடமாடுகிற தளத்தை ஃபர்னிச்சர் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று நான் நினைக்கவில்லை. வாடகைக் குடோன் என்றால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதமும் தேவை. தரையை வெட்டுகிறவர் வாடகைக்காரர்.

அரசாங்கத்தைவிடக் கறாரானது காப்பீட்டுப் பத்திரம். தீக் காப்பீட்டு நிபந்தனைகளில், அபாயம் கூடும்படி கட்டடத்திலோ பயன்பாட்டிலோ மாற்றம் செய்து, அதைக் கம்பெனிக்குத் தெரிவித்து ஒப்புதல் பெறாவிட்டால் காப்பீடு செல்லாது என்ற விதி வழக்கமாக இருக்கும். கூடவே ஒரு கணக்கு: ஒரு கோடி ரூபாய்ச் சரக்குக்கு எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு ஒன்றரைக் கோடிச் சரக்கை அடுக்கினால், இழப்பு நேரும்போது அதே விகிதத்தில் வெட்டுவார்கள். இடம் கூடிய மாதமே காப்பீட்டுத் தொகையும் கூட வேண்டும்.

இரண்டில் எது நல்லது? நம் எடுத்துக்காட்டுக் குடோனுக்கு நான் ரேக்கையே சொல்வேன். அடித்தட்டு மாற்றும் செலவோடு 480 மூட்டைகள் கிடைக்கின்றன. ஆள் மேலே நிற்க வேண்டியதில்லை. தண்ணீருக்கும் வழி இருக்கிறது. முதலாளி கேட்ட ஐந்நூறுக்கு இருபது குறைவு, அவ்வளவுதான். லேசான சட்டைப் பெட்டிகளைக் கையால் எடுத்து அடுக்கி, பிரித்து, எண்ணும் வேலை இருக்கிற இடத்தில் இடைத்தளம் பொருந்தும். நூலையும் துணி ரோலையும் அங்கே ஏற்றுவது தேவையற்ற வம்பு.

உயர்த்தி முடித்தவர்கள் மாதம் ஒருமுறை ஒரு மீட்டர் நீள நேர்ச்சட்டத்தை ரேக் கால்களில் வைத்துப் பாருங்கள். முன்னும் பின்னுமாக 3 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு தெரிந்தால் அந்தப் பகுதியின் சரக்கை இறக்கிவிட்டு உற்பத்தியாளரைக் கூப்பிடுங்கள். 2.7 மீட்டர் பீம் பாரத்தோடு 13 மில்லிமீட்டர் வரை தொய்யலாம். சரக்கை எடுத்த பிறகும் நிமிராவிட்டால் அதைக் கழற்றிப் போடுங்கள். அடித்தட்டைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல் வந்தால் தரை சொல்வதைக் கேளுங்கள்.

இன்னும் உயர்த்தாதவர்கள் ஃபேப்ரிகேட்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்று தாள்களைக் கையில் வாங்குங்கள்: தரையும் மண்ணும் சேர்த்துப் பொறியாளர் கையெழுத்திட்ட பாரக் கணக்கு, ரேக் கம்பெனியின் புது உயரத்துக்கான பாரத் தகடு, புது அடுக்கு உயரத்தைக் குறிப்பிட்டுக் காப்பீட்டுக் கம்பெனி தந்த ஒப்புதல் கடிதம்.